பதினாறு வர்த்தக நாளில் ஆறு மீறல்கள்: 2020 மார்ச்சும் ஒரு ஏற்ற இறக்க மாதிரியும்

2020 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 3337.75 புள்ளியில் முடிந்தது. ஒருவர் 10 கோடி டாலரை அப்படியே அந்தக் குறியீட்டில் போட்டு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அன்று மாலை அவருடைய ரிஸ்க் பிரிவு அவருக்குக் கொடுக்க வேண்டியது ஒரே ஓர் எண்: அடுத்த வர்த்தக நாளில் இழப்பு இதைத் தாண்டாது, தாண்டினால் அது நூற்றில் ஒரு நாள்தான். இதுதான் 99 சதவீத வேல்யூ அட் ரிஸ்க். இந்தக் கட்டுரையில் அதை 'வரம்பு' என்றே சொல்கிறேன். ஒரு நாளின் இழப்பு முந்தைய மாலை சொன்ன வரம்பைத் தாண்டினால் அது 'மீறல்'.

மீறல்களை எண்ணிப் பார்த்து மாதிரியைச் சோதிப்பதுதான் பேக்டெஸ்ட். 250 வர்த்தக நாளில், அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டில், இரண்டு அல்லது மூன்று மீறல் வர வேண்டும். பத்து வந்தால் மாதிரியில் கோளாறு. ஒன்றுமே வராவிட்டால் வரம்பு தேவைக்கு மேல் அகலமாக இருக்கலாம். கணக்கு இவ்வளவு எளிது என்பதால்தான் மேற்பார்வையாளர்களுக்கும் இது பிடித்துப்போனது. ஆனால் எண்ணிக்கை அதிகம் என்று தெரிந்த பிறகு, மாதிரியின் எந்தப் பகுதி உடைந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களின் தினசரி முடிவு விலைகளை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

வங்கியின் கணக்கை எடுக்காமல் வெறும் குறியீட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வங்கியின் வர்த்தகப் பிரிவில் மீறல் வந்தால் பழி போடப் பல இடங்கள் உண்டு. பகலில் வாங்கி விற்ற லாப நஷ்டம் கலந்திருக்கலாம். ஒரு கடன் பத்திரத்தை வேறொரு பத்திரத்தின் விலைத் தொடரோடு இணைத்துக் கணக்கிட்டிருக்கலாம். 2007-ல் யூ.பி.எஸ். வங்கிக்கு 29 மீறல்கள் வந்தன. அதற்கு முன் அவர்களுக்கு மீறல் வந்தது 1998-ல்தான். அங்கே பெரிய பிரச்சினை, அமெரிக்க வீட்டுக் கடன்களை அடுக்கிச் செய்த பத்திரங்களை அவற்றின் உயர்ந்த தரக் குறியீட்டை நம்பிப் பாதுகாப்பானவையாகப் பாவித்தது. ஏற்ற இறக்க மாதிரியை எவ்வளவு திருத்தியிருந்தாலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது. நம் ஆளிடம் இருப்பதோ ஒரே குறியீடு, தினமும் ஒரே அளவு. இங்கே மீறல் வந்தால் பழி, தினசரி ஏற்ற இறக்கத்தை அளக்கும் σ என்ற எண் மேல் விழும், அல்லது அந்த σ-வைப் பெருக்கும் எண் மேல் விழும். மூன்றாவது இடம் கிடையாது.

வரம்பைப் போடும் விதம் இதுதான். தினசரி மாற்றத்தை r என்றும், அதன் திட்ட விலக்கத்தை σ என்றும் கொள்வோம். மாற்றங்கள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன, சராசரி பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் 99 சதவீத வரம்பு 2.326 × σ. இந்த σ-வை எப்படி மதிப்பிடுவது என்பதில் இரண்டு பழைய வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதலாவது, கடந்த 250 நாளின் மாற்றங்களுக்கு ஒரே எடை கொடுத்துக் கணக்கிடுவது. பிப்ரவரி 21 மாலை அந்தக் கணக்கில் σ சுமார் 0.80 சதவீதம். இரண்டாவது, ஜே.பி. மார்கன் 1994-ல் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறை. நேற்றைய மாற்றத்துக்கு 6 சதவீத எடை, அதற்கு முந்தைய நாளுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, இப்படியே எடை தேய்ந்துகொண்டு போகும். இந்தத் துறையில் இதை இ.டபிள்யூ.எம்.ஏ. என்பார்கள், நான் 'தேயும் எடை' என்று சொல்கிறேன். அன்று மாலை இதன் σ சுமார் 0.70 சதவீதம்.

```
σ²(நாளை) = 0.94 × σ²(இன்று) + 0.06 × r²(இன்று)
```

இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் தொடங்குகின்றன. 10 கோடி டாலருக்கு முதல் முறை சொன்ன வரம்பு 18.6 லட்சம் டாலர், இரண்டாம் முறை சொன்னது 16.3 லட்சம். திங்கள்கிழமை, பிப்ரவரி 24, குறியீடு 3.35 சதவீதம் விழுந்தது. இழப்பு 33.5 லட்சம். இரண்டு மாதிரிக்கும் முதல் மீறல்.

எண்ணும் நிரல் சில வரிகள்தான்:

```python
z, v, hits = 2.326, 0.70**2, 0
for r in returns:          # % மாற்றம், பிப். 24 முதல்
    if -r > z * v**0.5:
        hits += 1
    v = 0.94*v + 0.06*r**2
```

இதில் ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். `v`-ஐப் புதுப்பிக்கும் வரி, ஒப்பிடும் வரிக்குப் பின்னால்தான் வர வேண்டும். இடம் மாறினால் இன்றைய வீழ்ச்சியைத் தெரிந்துகொண்டு இன்றைய வரம்பைப் போட்டதாக ஆகிவிடும். இந்தக் கணக்கிலேயே அந்தத் தவறைச் செய்தால் ஆறு மீறல் ஐந்தாகக் குறையும்: மார்ச் 16 அன்று வரம்பு 11.99, வீழ்ச்சி 11.98 என்று மயிரிழையில் தப்பிவிடும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. மாதிரி மட்டும் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். ஒரு பேக்டெஸ்ட் அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த வரிசையைத்தான்.

பிப்ரவரி 24 முதல் மார்ச் 31 வரை 27 வர்த்தக நாள்கள். முறைப்படி பார்த்தால் இத்தனை நாளில் ஒரு மீறல்கூட வரத் தேவையில்லை, எதிர்பார்ப்பு 0.27 தான். 250 நாள் முறை மீறிய நாள்களை மட்டும் கீழே தருகிறேன். எல்லாம் சதவீதத்தில்.

| நாள் | வீழ்ச்சி | 250 நாள் வரம்பு | தேயும் எடை வரம்பு |
|---|---|---|---|
| பிப். 24 | 3.35 | 1.9 | 1.6 |
| பிப். 25 | 3.03 | 1.9 | 2.5 |
| பிப். 27 | 4.42 | 2.0 | 2.9 |
| மார்ச் 3 | 2.81 | 2.2 | 4.4 |
| மார்ச் 5 | 3.39 | 2.3 | 5.0 |
| மார்ச் 9 | 7.60 | 2.4 | 5.2 |
| மார்ச் 11 | 4.89 | 2.7 | 7.0 |
| மார்ச் 12 | 9.51 | 2.8 | 7.4 |
| மார்ச் 16 | 11.98 | 3.4 | 10.2 |
| மார்ச் 18 | 5.18 | 3.9 | 12.1 |
| மார்ச் 20 | 4.34 | 4.0 | 11.8 |

250 நாள் முறைக்கு 11 மீறல். தேயும் எடை முறைக்கு 6: பிப்ரவரி 24, 25, 27, மார்ச் 9, 12, 16. மார்ச் 16-க்குப் பிறகு அதற்கு மீறலே இல்லை.

மூன்றாவது நெடுவரிசையை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துப் பாருங்கள். சவூதி அரேபியாவும் ரஷ்யாவும் எண்ணெய் விலையில் மோதிக்கொண்டு மார்ச் 9 அன்று சந்தை 7.60 சதவீதம் விழும்போது, 250 நாள் மாதிரி 2.4 சதவீதத்தைத்தான் எல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நாளில் வர்த்தகம் 15 நிமிடம் நிறுத்தப்பட்டது. 12, 16, 18 தேதிகளிலும் அதே கதை. இவ்வளவுக்குப் பிறகும் மார்ச் 20 அன்று வரம்பு 4.0 தான். காரணம் எளிது. புதிதாக வரும் ஒவ்வொரு நாளுக்கும் 250-ல் ஒரு பங்கு எடைதான். மீதி எடையில் பெரும்பகுதி அமைதியான 2019-க்கு. மாதிரி சந்தையைப் பின்தொடராமல் போன வருடத்தைத்தான் பிரதிபலித்துக்கொண்டிருந்தது.

சரி, எத்தனை மீறல் வந்தால் அதிகம்? வங்கிகளுக்கு உலக அளவில் விதி வகுக்கும் பாசல் குழு 1996 ஜனவரியில் வெளியிட்ட பேக்டெஸ்ட் விதிமுறை 250 நாளுக்கு மூன்று வண்ணம் வைத்தது. 4 வரை பச்சை, 5 முதல் 9 வரை மஞ்சள், 10-ம் அதற்கு மேலும் சிவப்பு. வண்ணத்தின் விளைவு மூலதனத்தில் தெரியும். வரம்பை 3 ஆல் பெருக்கி மூலதனம் ஒதுக்குவது அடிப்படை. மஞ்சளில் அந்தப் பெருக்கி 3.40-லிருந்து 3.85 வரை ஏறும், சிவப்பில் 4 ஆகும். மேலே சொன்ன 27 நாளுக்கு முந்தைய 223 நாளில் ஒரு மீறல்கூட இல்லை என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் முதல் மாதிரி சிவப்பு, இரண்டாவது மஞ்சள். (உண்மையில் 2019 மே, ஆகஸ்ட் மாதங்களிலும் கூர்மையான வீழ்ச்சிகள் உண்டு. இங்கே சலுகையாக அவற்றை விட்டுவிட்டேன்.)

இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்த்துவிடலாம். மாதிரி சரியாகவே இருந்தாலும் 250 நாளில் 5 அல்லது அதற்கு மேல் மீறல் வர ஏறக்குறைய 11 சதவீத வாய்ப்பு உண்டு. 10 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 0.03 சதவீதம்தான். ஆகவே சிவப்பில் விழுந்த மாதிரியை 'துரதிர்ஷ்டம்' என்று சொல்லித் தப்பவைப்பது கடினம். மறுபக்கம்தான் சங்கடமானது. 99 என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 98 சதவீதம்தான் காக்கும் ஒரு மாதிரி, அதாவது இரண்டு மடங்கு மீறல் தரும் மாதிரி, 44 சதவீத வாய்ப்போடு பச்சையிலேயே இருந்துவிடும். ஓர் ஆண்டு மீறல் எண்ணிக்கை அவ்வளவு மொன்னையான கருவி.

இன்னொரு எச்சரிக்கை. 27 நாளில் 6 மீறல் வர இருபடிப் பரவலின்படி என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் கோடியில் இரண்டு மூன்று என்று வரும். அதை அறிக்கையில் எழுதினால் படிக்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது செல்லாது. மிக மோசமான 27 நாளைத் தேடி எடுத்துவிட்டு, 'இது தற்செயலாக வர வாய்ப்பில்லை' என்று சொல்வதில் பொருளில்லை. சோதனைக்கான காலத்தை மீறல்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதனால்தான் 250 நாள் என்ற நிலையான சாளரத்துக்குள் வைத்தே மேலே பேசுகிறேன்.

இனி 250 நாள் மாதிரியை ஒதுக்கிவிடலாம். அதன் நோய் பார்த்தவுடன் தெரிகிறது. தேயும் எடை மாதிரியின் ஆறு மீறல்தான் யோசிக்க வைக்கிறது.

1995-ல் பால் குப்பியெக் கொடுத்த சோதனை, எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. நாள்களின் எண்ணிக்கை T, மீறல்கள் x என்றால்:

```
LR = 2 [ (T−x) ln( (1−x/T) / 0.99 ) + x ln( (x/T) / 0.01 ) ]
```

இந்த மதிப்பு 3.84-ஐத் தாண்டினால் 5 சதவீத மட்டத்தில் மாதிரி நிராகரிக்கப்படும். T = 250, x = 11 என்றால் 15.9, பேச்சுக்கே இடமில்லை. x = 6 என்றால் 3.56. தேறிவிட்டது! ஏழாவது மீறல் ஒன்று வந்திருந்தால் 5.50 ஆகி விழுந்திருக்கும். ஆக, பாசல் மஞ்சள் என்று சொல்லும் மாதிரியை குப்பியெக் சோதனை நிராகரிக்கவில்லை.

ஆனால் இந்த ஆறும் ஆண்டு முழுக்கப் பரவி வரவில்லை. 16 வர்த்தக நாளுக்குள் குவிந்து வந்தன. நல்ல மாதிரிக்கு மீறல்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நேற்று மீறல் வந்தது என்பதை வைத்து இன்று மீறல் வருமா என்று ஊகிக்க முடியக் கூடாது. ஊகிக்க முடிகிறது என்றால், சந்தையில் ஏற்கனவே இருக்கும் ஒரு தகவலை மாதிரி பயன்படுத்தாமல் விட்டிருக்கிறது என்று பொருள். 1998-ல் பீட்டர் கிறிஸ்டோஃபர்சன் இதற்கென்றே ஒரு சோதனை தந்தார். மீறலுக்கு மறுநாள் மீறல் வரும் வீதத்தையும், மீறலில்லாத நாளுக்கு மறுநாள் மீறல் வரும் வீதத்தையும் அது ஒப்பிடுகிறது.

நம் தொடரில் மீறலுக்கு மறுநாளே மீறல் வந்தது ஒரே தடவைதான், பிப்ரவரி 24-ம் 25-ம். மீதி ஐந்து மீறல்களுக்கும் மறுநாள் மீறல் இல்லை. கணக்கிட்டால் மதிப்பு 2.42. இதற்கும் எல்லை 3.84, எனவே இதிலும் தேறிவிட்டது. இரண்டு சோதனையையும் கூட்டிப் பார்த்தால் 5.98, அங்கே எல்லை 5.99. நூலிழையில் பாஸ்.

கண்ணுக்கு முன்னால் கொத்தாகக் கிடக்கும் மீறல்களைக் 'கொத்து இல்லை' என்று ஒரு சோதனை எப்படிச் சொல்கிறது? அந்த வாரங்களில் சந்தை நடந்துகொண்ட விதத்தில்தான் விடை இருக்கிறது. மார்ச் 9 விழுந்தது 7.60, மறுநாள் ஏறியது 4.94. மார்ச் 12 விழுந்தது 9.51, மறுநாள் ஏற்றம் 9.29. மார்ச் 16 விழுந்தது 11.98, மறுநாள் ஏற்றம் 6.00. பெரிய வீழ்ச்சிக்கு மறுநாள் பெரிய ஏற்றம். ஏற்ற நாளில் மீறல் வராது, ஏனென்றால் நாம் எண்ணுவது இழப்பை மட்டும்தான். கிறிஸ்டோஃபர்சனின் சோதனையோ நேற்றையும் இன்றையும் மட்டும்தான் பார்க்கிறது. முந்தாநாள் நடந்தது அதன் கணக்கில் இல்லை. நடுவில் ஒரு ஏற்ற நாள் புகுந்துவிட்டால் கொத்து அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

மீறல்களுக்கு இடைப்பட்ட நாள்களை எண்ணினால் உடனே தெரிகிறது: 1, 2, 7, 3, 2. சரியான மாதிரியில் இந்த இடைவெளி சராசரியாக 100 நாள் இருக்க வேண்டும். கிறிஸ்டோஃபர்சனே டெனி பெலட்டியேயுடன் சேர்ந்து 2004-ல் இடைவெளிகளை அடிப்படையாகக் கொண்ட சோதனையை முன்வைத்தார். ஆறு மீறலை வைத்துக்கொண்டு அதற்கும் பெரிய பலம் இராது என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், மீறல் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் வெறும் பாஸ், ஃபெயில் என்று கையெழுத்துப் போடும் அறிக்கையை ஏற்கக் கூடாது.

அடுத்த கேள்வி: ஆறு மீறலுக்குக் காரணம் σ பின்தங்கியதா, அல்லது 2.326 என்ற பெருக்கி போதவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு. பங்குச் சந்தை மாற்றங்களுக்கு இயல்நிலைப் பரவலைவிடத் தடித்த வால் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மீறல் அதிகமானதும் பலர் செய்வது, இயல்நிலைப் பரவலைத் தூக்கிவிட்டு டி-பரவலைப் போடுவது. அது உதவுமா என்று பார்க்க எளிய வழி, ஒவ்வொரு மீறலையும் முந்தைய மாலையின் σ-வால் வகுத்துப் பார்ப்பது.

வரிசையாக வருபவை: 4.8, 2.8, 3.6, 3.4, 3.0, 2.7.

5 என்ற கட்டின்மை எண் கொண்ட டி-பரவலை, அதன் திட்ட விலக்கம் 1 ஆகும்படி சரிசெய்தால் 99 சதவீதப் பெருக்கி 2.61. கட்டின்மை எண் 4 என்றால் 2.65. ஆறில் சிறியது 2.74. அதாவது வாலைத் தடிப்பாக்கிய பிறகும் ஆறும் மீறலாகவே நிற்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை. நடைமுறையில் அதிகம் பரிந்துரைக்கப்படும் மருந்து இந்த நோய்க்கு வேலை செய்யவில்லை.

இந்த ஆறு எண்களின் போக்கையும் கவனியுங்கள். முதல் அடி 4.8. பிறகு பிப்ரவரி 27-லிருந்து 3.6, 3.4, 3.0, 2.7 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. வால் மட்டும் தடிப்பாக இருந்தால் இந்த எண்கள் வரிசையில்லாமல் சிதறி வர வேண்டும். இப்படிப் படிப்படியாக இறங்குவது, σ துரத்திக்கொண்டு வருகிறது, ஆனால் இன்னும் எட்டவில்லை என்பதன் அடையாளம். ஆறே எண்களை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்ட அது போதும்.

அப்படியானால் வேகத்தைக் கூட்டினால்? 0.94 என்ற எடையில் ஓர் அதிர்ச்சியின் தாக்கம் பாதியாகக் கரைய 11 நாள் ஆகிறது. அதையே 0.85 ஆக்கினால் சுமார் 4 நாள். அதே தொடக்க σ-வோடு, அதே 27 நாளில் மீண்டும் ஓட்டினால் மீறல்கள் மூன்றாகக் குறைகின்றன: பிப்ரவரி 24, 27, மார்ச் 9. மார்ச் 12-ன் 9.51 வீழ்ச்சி, 9.87 வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. மார்ச் 16 அன்று வரம்பு 14 சதவீதத்துக்கு மேல்.

பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை உண்டு. முதலில், 0.85 என்பதை மார்ச் முடிந்த பிறகு மார்ச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். அது சோதனை ஆகாது. இரண்டாவது, 4 நாளில் பாதியாகக் கரையும் மாதிரி அமைதியான காலத்தில் ரொம்ப அலைபாயும். தொடர்ந்து சில சலனமற்ற நாள் வந்தாலே வரம்பு சுருங்கிவிடும், அதன் பிறகு வரும் சாதாரண வீழ்ச்சிகூட மீறலாகும். புயலில் மிச்சம் பிடித்த மீறல்களை அமைதியில் தோற்க வேண்டி வரும். மூன்றாவது, தினமும் வரம்பு தாறுமாறாக ஏறி இறங்கினால், அந்த வரம்பை வைத்து வர்த்தகர்களுக்கு அளவு ஒதுக்குபவர் ஒரு நாள் விற்கச் சொல்லி மறுநாள் வாங்கச் சொல்ல வேண்டியிருக்கும். வங்கிகள் மெதுவான மாதிரிகளை விரும்பியதற்கு மூலதனத்தை மிச்சப்படுத்தும் ஆசை மட்டும் காரணமல்ல. இதுவும் ஒரு காரணம்.

வரலாற்று மாற்றங்களை அப்படியே எடுக்காமல், ஒவ்வொரு பழைய மாற்றத்தையும் அன்றைய σ-வால் வகுத்து இன்றைய σ-வால் பெருக்கும் வழியும் உண்டு. வாலின் வடிவத்தைத் தரவிலிருந்தும், அகலத்தை இன்றைய நிலையிலிருந்தும் அது எடுத்துக்கொள்ளும். என் தேர்வு அதுதான். ஆனாலும் இன்றைய σ பின்தங்கினால் அதுவும் பின்தங்கும். பிப்ரவரி 24-ன் 4.8-ஐ எந்த விலைத் தொடரும் முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லியிருக்காது. அந்த வாரக் கடைசியில் வட இத்தாலியில் கொரோனா நோய் பரவிய செய்தி, சந்தை மூடியிருந்த நேரத்தில் வந்தது.

எண்ணிக்கைக்குத் தெரியாத இன்னொன்று, மீறலின் அளவு. பிப்ரவரி 25 அன்று தேயும் எடை வரம்பு 2.5, இழப்பு 3.03. முந்தைய நாள் வரம்பு 1.6, இழப்பு 3.35, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். எண்ணும்போது இரண்டும் ஆளுக்கு ஒன்று. பாசல் குழு புதிய விதிகளில் மூலதனத்தை வரம்புக்கு அப்பாலுள்ள சராசரி இழப்பிலிருந்து கணக்கிடச் சொன்னது இந்தக் குறைக்காகத்தான். அப்படி மாற்றிய பிறகும் பேக்டெஸ்ட் என்னவோ மீறல்களை எண்ணுவதாகவே தொடர்கிறது, ஏனென்றால் எண்ணுவது எளிது, சராசரி இழப்பைச் சோதிப்பது கடினம்.

2020 மார்ச்சில் இது காகிதக் கணக்காக நிற்கவில்லை. பல நாடுகளின் வங்கிகளுக்கு ஒரே நேரத்தில் மீறல்கள் குவிந்தன. வரம்பு ஏற்கனவே ஏறியிருந்தது. அதன் மேல் பெருக்கி 3-லிருந்து 4-க்குப் போனால் மூலதனத் தேவை இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும், அதுவும் பணம் மிகவும் தட்டுப்பாடான வாரத்தில். மேற்பார்வையாளர்கள் பின்வாங்கினார்கள். பிரிட்டனின் மேற்பார்வை அமைப்பு மார்ச் 30 அன்று, புதிய மீறல்களால் கூடும் தொகையை மூலதனத்தின் வேறொரு தலைப்பில் ஈடுகட்டிக்கொள்ள அனுமதித்தது. ஐரோப்பிய மத்திய வங்கி ஏப்ரல் 16 அன்று தன் பங்குக்குப் பெருக்கியின் ஒரு பகுதியைக் குறைத்தது. ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தையே திருத்தியது: 2020, 2021 ஆண்டுகளில் வந்த மீறல்கள் மாதிரியின் குறையால் வந்தவை அல்ல என்றால் அவற்றை எண்ணிக்கையிலிருந்து விலக்கலாம்.

மூலதனச் சலுகை எனக்கு நியாயமாகவே படுகிறது. நெருக்கடி நடுவில் பெருக்கியை ஏற்றுவது, விற்றுத்தள்ளு என்று வங்கிகளுக்குச் சொல்வதற்குச் சமம். உறுத்துவது 'மாதிரியின் குறையால் அல்ல' என்ற அந்த நிபந்தனைதான். மேலே உள்ள அட்டவணையை வைத்து அதைப் பிரித்துப் பார்க்கலாம். பிப்ரவரி 24 எந்த மாதிரியின் குறையும் இல்லை. அந்த மீறலை விலக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். தேயும் எடை முறையும் தவறவிட்ட பிப்ரவரி 25, 27, மார்ச் 9, 12, 16 பற்றி இரு பக்கமும் வாதிடலாம். ஆனால் மார்ச் 3, 5, 11, 18, 20 ஆகிய ஐந்து நாள்கள்? 1994-லேயே எல்லோருக்கும் கிடைத்த ஒரு வரிச் சூத்திரம் அந்த ஐந்து நாளிலும் தாராளமான வரம்பு போட்டிருந்தது. மார்ச் 20 அன்று 4.34 வீழ்ச்சிக்கு எதிரே 11.8. 250 நாள் சாளரத்தை வைத்திருந்த ஒரு வங்கி இந்த ஐந்தையும் சந்தையின் தலையில் கட்டி விலக்கு கேட்டால், மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்ப இந்த ஒரு அட்டவணை போதும்.